வேஸ்ட் குடோன் யார் பட்டியலில் இருக்கிறது?

கோவைப் பக்கம் எந்த நூற்பாலைக்குப் போனாலும் விருந்தாளிக்கு முதலில் காட்டுவது ஸ்பின்னிங் ஹாலைத்தான். வேஸ்ட் குடோனை யாரும் காட்டுவதில்லை. அது பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும். உள்ளே ஒரு எடைத்தராசும் ஒரு நோட்டும் மூக்கில் துண்டு கட்டிய ஓர் ஆளும் இருப்பார்கள். அந்த ஆள் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். உற்பத்தி மேலாளர், “அது அக்கவுண்ட்ஸ் சார்” என்பார். அக்கவுண்ட்ஸில் கேட்டால் ஸ்டோர்ஸைக் கை காட்டுவார்கள். ஸ்டோர்ஸ்காரர், “நாங்க எடை போட இடம் கொடுத்திருக்கோம், அவ்வளவுதான்” என்று முடித்துவிடுவார்.

உள் தணிக்கைக்காரனுக்கு அக்கறை பிறக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் அவன் கையில் இருக்கும் பட்டியலில் பெரும்பாலும் இந்தக் குடோன் இருக்காது.

அந்தப் பட்டியலுக்கு ‘ஆடிட் யூனிவர்ஸ்’ என்று பெயர். ஒரு நிறுவனத்தில் தனித்தனியாக எடுத்துத் தணிக்கை செய்யக்கூடிய எல்லாவற்றின் பட்டியல் அது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 138-ஆம் பிரிவுப்படி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களும் உள் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும். தனியார் நிறுவனமாக இருந்தாலும் முந்தைய ஆண்டு விற்றுமுதல் 200 கோடி ரூபாயைத் தொட்டிருந்தால் இது கட்டாயம். ஆனால் எதையெல்லாம் தணிக்கை செய்வது என்று சட்டம் சொல்லவில்லை. தணிக்கைக் குழுவோ இயக்குநர் குழுவோ உள் தணிக்கையாளரோடு கலந்து எல்லையை முடிவு செய்துகொள்ளட்டும் என்று விதி விட்டுவிடுகிறது.

பலரும் செய்கிற தவறு, நிறுவனத்தின் அமைப்பு வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பட்டியல் போடுவது. கொள்முதல், உற்பத்தி, விற்பனை, சம்பளம் என்று ஒரு துறைக்கு ஒரு வரி வரும். துறைகளுக்கு நடுவே கிடப்பது எதுவும் வராது. நான் வேறு மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்குவேன். முதலாவது டிரையல் பேலன்ஸ். பணம் வந்து போகிற ஒவ்வொரு கணக்குத் தலைப்புக்கும் பின்னால் ஒரு வேலை நடந்தாக வேண்டும். இரண்டாவது, வெளியாட்களோடு போட்ட ஒப்பந்தங்களின் பட்டியல். விடுதி, கேன்டீன், லாரி எல்லாம் அதில்தான் தெரியும். மூன்றாவது கேட் பதிவேடு. ஆலையை விட்டு எது வெளியே போகிறது என்பதைக் காவலாளியின் நோட்டைவிட நேர்மையாகச் சொல்லும் ஆவணம் இல்லை.

ஓர் ஆலையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இப்படித் தேடியதில் பட்டியல் 41 வரிகளுக்கு வந்தது. தணிக்கைக்கு இருப்பது இரண்டே பேர். விடுமுறை போக ஆளுக்கு 230 நாள், ஆக 460. பழைய அறிக்கைகளைத் தொடர்ந்து கேட்பதற்கும், முதலாளி திடீரென்று கூப்பிடுவதற்கும் 110 நாள் ஒதுக்கினால் மீதி 350. ஒரு தணிக்கைக்குச் சராசரி 25 நாள் என்றால் வருடத்துக்கு 14 தணிக்கைதான் முடியும். 41-ஐயும் பார்த்து முடிக்க மூன்று வருடம் ஆகும். எனவே எது முதலில் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

பண அளவை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் பஞ்சுக் கொள்முதல் உச்சியில் நிற்கும், வேஸ்ட் விற்பனை கடைசிக்குப் போய்விடும். ஆனால் எடை போடுகிறவரும் கேட் பாஸ் எழுதுகிறவரும் ஒரே ஆள், சரக்கோ உதிரி, இதுவரை யாரும் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்து மதிப்பெண் போட்டால் அது மேலே ஏறி வரும். இந்த ஆலையில் ஆறாவது இடத்துக்கு வந்தது.

இனி இந்த ஒரு தணிக்கைக்கான திட்டக் குறிப்பு, அதாவது பிளானிங் மெமோ. இரண்டு பக்கம் போதும். ‘வேஸ்ட் விற்பனையைத் தணிக்கை செய்தல்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. அந்த வரியை வைத்துக்கொண்டு வேலை எப்போது முடிந்தது என்றே சொல்ல முடியாது. நோக்கத்தை ஒரு கேள்வியாக எழுதிப் பாருங்கள்: ‘இயந்திரத்திலிருந்து விழும் வேஸ்ட் முழுவதும் குடோனுக்கு வந்து, சரியாக எடை போடப்பட்டு, ஒப்புக்கொண்ட விலைக்கு விற்கப்பட்டு, பணம் வங்கிக்கு வந்ததா?’

இந்தக் கேள்வியில் உயிர் ‘முழுவதும்’ என்ற சொல்லில் இருக்கிறது. பலர் எல்லையை எடைச் சீட்டிலிருந்து தொடங்குகிறார்கள். சீட்டுக்குப் பில் இருக்கும், பில்லுக்குப் பணம் வந்திருக்கும். எல்லாம் பொருந்தும், அறிக்கையும் சுத்தமாக வரும். ஆனால் எடை போடாமலே போன மூட்டைக்குச் சீட்டு ஏது? ஆகவே தொடக்கப் புள்ளியைக் குடோனிலிருந்து பின்னுக்கு நகர்த்தி, கோம்பர் இயந்திரத்தில் வைக்க வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் 200 டன் பஞ்சு கோம்பருக்குள் போகிறது. குட்டை இழைகளைச் சீவித் தள்ளுவது கோம்பரின் வேலை. தரக் கட்டுப்பாட்டு அறை தன் சோதனையில் எழுதி வைத்திருக்கும் வேஸ்ட் 16 சதவீதம். அப்படியானால் 32 டன் விழுந்திருக்க வேண்டும். விற்பனைப் பதிவேட்டில் 29.5 டன். குடோன் இருப்பு 1 டன் கூடியிருக்கிறது. மீதி 1.5 டன்னுக்குப் பதில் இல்லை. உடனே திருட்டு என்று எழுதிவிடக் கூடாது. ஈரப்பதம் மாறியிருக்கலாம், கொஞ்சத்தைத் திரும்பக் கலவையில் போட்டிருக்கலாம், அந்த 16-ம் ஓரிரு இயந்திரத்தில் எடுத்த சோதனையாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாதமும் வித்தியாசம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அது ஈரப்பதம் இல்லை.

இந்தக் குறிப்பின் எல்லை இப்படி வந்தது: மூன்று ஆலைகளில் முதல் ஆலை மட்டும், ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 மாதம், கோம்பர் வேஸ்ட் மட்டும், கோம்பரில் தொடங்கி வங்கி வரவில் முடிவு, 25 நாள். அதன் கீழே ‘பார்க்காதவை’ என்று தனித் தலைப்பு. வேஸ்ட் ஏன் 16 சதவீதம், 15 ஆக்க முடியாதா என்பது தொழில்நுட்பக் கேள்வி, இதில் இல்லை. தரையில் கூட்டும் தூசிப் பஞ்சும் இல்லை, விலை குறைவு. இரண்டாம், மூன்றாம் ஆலைகள் அடுத்த வருடம். என்னைக் கேட்டால் குறிப்பில் அதிகம் உழைக்க வேண்டிய பகுதி இந்தப் ‘பார்க்காதவை’தான். அது எழுத்தில் இல்லாவிட்டால், நாளைக்கு இரண்டாம் ஆலையில் லாரி பிடிபடும்போது, “ஆடிட் முடிஞ்சுதே, நீங்க பார்க்கலையா?” என்ற கேள்வி வரும்.

குறிப்பைக் கையெழுத்துக்கு முன் ஆலை மேலாளரிடம் காட்டுவது வழக்கம். அவர் படித்துவிட்டு, “தரக் கட்டுப்பாட்டு ரிப்போர்ட் எதுக்குங்க? பில்லை மட்டும் பார்த்தாப் போதுமே” என்றால், குரலை உயர்த்தாமல், அந்த ரிப்போர்ட் இல்லாமல் ‘முழுவதும்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்று விளக்க வேண்டும். கடைசிவரை தரவில்லையென்றால், தரவில்லை என்பதைத் தணிக்கைக் குழுவுக்குப் போகும் அறிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். பேசாமல் எல்லையைச் சுருக்கிக்கொள்வது மட்டும் கூடாது.

எல்லை தானாக விரிவதும் உண்டு. இந்த ஆலையில் குடோனுக்குப் பக்கத்திலேயே பழைய இரும்பு குவிந்து கிடந்தது. அதே தராசு, அதே நோட்டு, அதே ஆள். கை பரபரக்கும். ஆனால் அதற்குள் இறங்கினால் கோம்பர் கணக்கு பாதியில் நிற்கும். தலைமைத் தணிக்கையாளரிடம் அன்றே சொன்னார்கள். உடனே பார்க்கத் தேவையில்லை என்று அவர் முடிவு செய்தார். பார்க்கச் சொல்லியிருந்தால், தேதி போட்டுக் குறிப்போடு ஒரு திருத்தமும் கூடுதல் நாட்களும் சேர்ந்திருக்கும்.

இப்போது அந்தப் பட்டியலில் 42 வரிகள். கடைசி வரி, பழைய இரும்பு விற்பனை.