வியாழன் இரவு யார் சமைக்கிறார்கள்?

எங்கள் சபையில் ஓர் அக்காவுக்குக் கீமோதெரபி தொடங்கியபோது, “ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்” என்று வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோரும் எழுதினோம். ஞாயிறன்று மூன்று வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. வியாழன் இரவு பிள்ளைகள் ரொட்டி தின்று படுத்தார்கள். படுக்கையில் இருப்பவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சுற்றுக்கு முன் பெண்கள் ஐக்கியச் செயலாளர் அவர் கணவரிடம் பேசிவிட்டு இப்படி எழுதினார்:

“அன்பானவர்களே, திங்கள், வியாழன், சனி இரவுச் சாப்பாடு 4 பேருக்குத் தேவை. மாலை 6.30-க்குள் வாசல் மேசையில் வைத்துவிடுங்கள், மணி அடிக்க வேண்டாம். அக்காவுக்குக் காரமில்லாமல் அன்றே சமைத்த இட்லி, கஞ்சி. பச்சைக் காய்கறி வேண்டாம். திருப்பித்தர வேண்டாத டப்பா போதும். செவ்வாய் காலை பிள்ளைகளைப் பள்ளியில் விட ஒருவர் வேண்டும். நாளுக்கு நேரே பெயர் போடுங்கள். சந்தேகம் என்றால் என்னைக் கேளுங்கள், வீட்டாரை அல்ல.”

கீமோவில் வெள்ளணுக்கள் குறைவதால் கிருமி எளிதில் தொற்றும். பச்சைக் காய்கறியைத் தவிர்த்ததும், யாரையும் உள்ளே அழைக்காததும் அதனால்தான். நோயின் பெயர் அந்தச் செய்தியில் இல்லை. வீட்டார் சம்மதித்ததை மட்டுமே எழுதினார்.

அன்று மாலைக்குள் திங்களும் சனியும் நிரம்பின. வியாழன் காலியாகவே கிடந்தது. செயலாளர் இருவரைத் தனியே போனில் அழைத்தார். பொதுவாகக் கேட்டபோது பேசாதிருந்தவர், பெயர் சொல்லிக் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டார்.