ஐஸ் போட்ட மீனா, போடாத மீனா?

"ஐஸ் போடாத மீனாப் பார்த்துக் குடுங்கம்மா. ஐஸ்ல வச்சா அது பழைய மீனு."

தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில், காலை ஏழு மணிக்கு ஒருவர் இப்படிக் கேட்டார். வீட்டு விசேஷத்துக்கு மீன் வாங்க வந்தவர். மீன்காரம்மா கோபப்படவில்லை. பெட்டியிலிருந்து ஒரு சூரை மீனை எடுத்தார். புருஷனின் வள்ளத்து அடித்தட்டில் கிடந்த இன்னொரு சூரையையும் கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே வலையில ஏறினது தம்பி. கொண்டுபோன ஐஸ் பத்தல, இது ஒண்ணு மட்டும் வெளிய கிடந்துச்சு. புறங்கையால தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். ஐஸில் இருந்தது சில்லென்று விறைத்திருந்தது. மற்றதன் வயிறு வெதுவெதுப்பாக இருந்தது. சூரை மற்ற மீன்களைப் போன்றதல்ல. நீந்தி நீந்தி உடம்பில் சூடேற்றி வைத்திருக்கும். சுற்றியுள்ள கடல்நீரைவிட அதன் சதை சூடாக இருக்கும். செத்தபின் அந்தச் சூடு தானாக இறங்க வெகுநேரம் ஆகும்.

"உசிரோட இருக்கிற வரைக்கும் செவுள்லயும் குடல்லயும் இருக்கிற கிருமியால ஒண்ணும் செய்ய முடியாது. செத்ததும் அது சதைக்குள்ள போயிரும். சூடு இருந்தாப் பெருகும், குளிர்ல அடங்கிக் கிடக்கும். அதனாலதான் வலையிலேருந்து எடுத்த கையோட ஐஸ் போடச் சொல்றேன்."

"சரிம்மா, அதான் நல்லாக் கொதிக்க வச்சுக் குழம்பு வைக்கிறோமே?"

அந்தம்மா தலையை ஆட்டினார். "ஒருதடவை என் கொழுந்தன் இப்படிக் கிடந்த சூரையைக் குழம்பு வச்சுத் தின்னுட்டான். அரைமணி நேரத்துல மூஞ்செல்லாம் செவந்துபோச்சு, உடம்பெல்லாம் அரிப்பு, மண்டையிடி. வாயில மிளகு கடிச்ச மாதிரி எரிஞ்சதுன்னான். குழம்பு நல்லாக் கொதிச்சதுதான்."

அவர் கண்டதன் பெயர் ஹிஸ்டமின் நஞ்சு. சூரை, கும்புளா, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். செத்த மீன் சூட்டில் கிடந்தால் சில கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஹிஸ்டமின் அழியாது. பிறகு ஐஸில் வைத்தாலும் உறைய வைத்தாலும் கருவாடாகக் காயவைத்தாலும் அது அப்படியே இருக்கும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாமல் போகலாம். வெப்பக் கடல்களில் இந்த வகை மீன்களைச் செத்த 6 மணி நேரத்துக்குள் ஐஸில் வைத்துவிட வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கணக்கு, வலையை இழுத்த நேரத்திலிருந்து அல்ல, வலையில் சிக்கி மீன் செத்த நேரத்திலிருந்து. இரண்டு மணிக்கு வள்ளத்தில் ஏறிய சூரை, பன்னிரண்டுக்கே செத்திருக்கலாம்.

"அப்ப ரெண்டு கட்டி ஐஸ் போட்டாப் போதாதா?"

"போதாது. மீனுக்கு மீன் ஐஸ் வேணும்."

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். 30 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவே கிட்டத்தட்ட 3 கிலோ ஐஸ் உருகியாக வேண்டும். வெயிலும் பெட்டிச் சுவர் வழியே வரும் சூடும் மீதியைத் தின்னும். அதனால்தான் கிலோவுக்குக் கிலோ. ஐஸ் பாரை நன்றாக நொறுக்க வேண்டும். பெரிய கட்டி மீனில் அங்கங்கே மட்டுமே படும், முனை குத்திச் சதையும் கன்றிப்போகும். அடியில் ஐஸ், மேலே மீன், அதன்மேல் மறுபடி ஐஸ் என்று அடுக்கினால் உருகும் நீர் மீன்களுக்கிடையே இறங்கிக் குளிரை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும், வழவழப்பையும் கழுவிவிடும். பெட்டியின் அடியில் ஓட்டை இல்லாவிட்டால் அந்த அழுக்குத் தண்ணீரிலேயே மீன் ஊறும்.

வந்தவரின் சந்தேகமும் ஆதாரமில்லாததல்ல. விற்காமல் நின்ற மீன்மேல் சாயங்காலம் ஐஸைக் கொட்டி மறுநாள் விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மீனின் செவுள் பழுப்பேறியிருக்கும், கண் உள்ளே போயிருக்கும், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். ஐஸ் கெடுவதைத் தள்ளிப்போடும். கெட்டுப்போனதைத் திருப்பித் தராது.

வெளியே கிடந்த சூரையை அந்தம்மா விற்கவில்லை. நண்டு பிடிக்க இரையாகப் போட ஒதுக்கி வைத்தார். வந்தவர் ஐஸ் பெட்டியிலிருந்தே நாலு கிலோ வாங்கினார். அந்தம்மா கேட்காமலே பையில் இரண்டு கை நொறுக்கிய ஐஸை அள்ளிப் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

அடுத்தமுறை மீன் வாங்கும்போது "ஐஸ் போட்டதா?" என்று கேட்காதீர்கள், "எப்போ ஐஸ் போட்டீங்க?" என்று கேளுங்கள். வீடு தூரமென்றால் பைக்குள்ளும் கொஞ்சம் ஐஸ் கேட்டு வாங்குங்கள்.