தண்ணீருக்குள் இருக்கும் இரண்டாவது கேமரா

2009 ஜூலையில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவர் கிரில், அந்நாட்டு நீதித்துறை அமைச்சர் அலெக்சாண்டர் கொனொவாலோவைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பின் படம் ஒன்று திருச்சபையின் இணையதளத்தில் இருந்தது. பளபளப்பான மேசைக்குப் பின்னால் கறுப்பு அங்கியில் அமர்ந்திருக்கிறார் கிரில். 2012 ஏப்ரலில் படத்தை உற்றுப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். அவர் மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. மேசையின் மெருகில் தெரிந்த மணிக்கட்டில் இருந்தது! விலையுயர்ந்த அந்தக் கைக்கடிகாரத்தை யாரோ படத்திலிருந்து அழித்திருந்தார்கள். மேசையில் விழுந்த பிம்பத்தை விட்டுவிட்டார்கள். திருச்சபை மன்னிப்புக் கேட்டு, பழைய படத்தையே மறுபடி வெளியிட்டது.

செய்திப் படத்தில் ஒரு பொருளை அழிப்பது பொய் சொல்வதுதான். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் காலண்டர், சுற்றுலாக் கையேடு, கல்யாண ஆல்பம், கட்டட விளம்பரம் ஆகியவற்றுக்காக எடுக்கும் படங்களில் விளக்குக் கம்பத்தையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் எடுத்துவிடும்படி கேட்பது அன்றாட வேலை. அங்கேயும் பிம்பம்தான் காட்டிக்கொடுக்கிறது. பலர் பிம்பத்தை மறப்பதில்லை, அதையும் அழிக்கிறார்கள். அப்படியும் படம் எங்கோ இடிக்கிறது. நீரில் தெரிவது மேலே உள்ளதன் தலைகீழ் நகல் என்று அவர்கள் நம்புவதே காரணம். அது நகல் அல்ல. அது வேறோர் இடத்திலிருந்து எடுத்த வேறொரு படம்.

நீருக்கு அடியிலிருந்து ஒரு பார்வை

நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கேமரா இருந்தால், நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழே இன்னொரு கேமரா இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். நீரில் தெரிவதெல்லாம் அந்தக் கீழ்க் கேமரா அண்ணாந்து பார்க்கும் காட்சி. அதனால்தான் படகின் அடிப்பாகமும் மண்டபக் கூரையின் உட்புறமும் நேரில் தெரிவதைவிடப் பிம்பத்தில் அதிகம் தெரிகின்றன.

ஒரு கோயில் குளத்தை எடுத்துக்கொள்வோம். புகைப்படக்காரர் கீழ்ப் படியில் உட்கார்ந்திருக்கிறார். கேமரா நீருக்கு மேல் 1.5 மீட்டர் உயரத்தில், சாயாமல் மட்டமாக இருக்கிறது. எதிர்க்கரை 50 மீட்டர் தூரம். கரைச் சுவர் நீருக்கு மேல் 1 மீட்டர். கரை விளிம்பிலிருந்து 10 மீட்டர் உள்ளே தள்ளி, 5 மீட்டர் உயர விளக்குக் கம்பம் ஒன்று நிற்கிறது. அதற்கு நேர் பின்னால், கேமராவிலிருந்து 300 மீட்டர் தூரத்தில், 45 மீட்டர் உயரக் கோபுரம். 24 மி.மீ. லென்ஸ், 6000 பிக்சல் அகலமுள்ள முழு ஃபிரேம் கேமரா என்றால் கணக்கு எளிது. ஒரு பொருளின் உயரத்தைத் தூரத்தால் வகுத்து 4000-ஆல் பெருக்கினால் படத்தில் அது எத்தனை பிக்சல் என்பது கிடைத்துவிடும்.

விளக்கின் உச்சி நீருக்கு மேல் 6 மீட்டர், கேமராவைவிட 4.5 மீட்டர் உயரம். படத்தில் அது தொடுவானக் கோட்டுக்கு 300 பிக்சல் மேலே தெரியும். அதன் பிம்பம் நீர்மட்டத்துக்கு 6 மீட்டர் கீழே, அதாவது கேமராவைவிட 7.5 மீட்டர் கீழே. ஆகவே அது தொடுவானத்துக்கு 500 பிக்சல் கீழே விழும். கரை ஓரத்து நீர்க்கோட்டை மடிப்பாக வைத்துப் படத்தைக் கவிழ்த்தவர் பிம்பத்தின் முனையை 540 பிக்சலில் தேடுவார். கம்பம் கரை ஓரத்தில் இல்லாமல் உள்ளே தள்ளி நிற்பதால் அவர் மடிப்பு தவறு. கம்பத்துக்கு நேர் கீழே, கரைக்கு அடியிலும் நீர்மட்டம் நீள்வதாக எண்ணி அந்த இடத்தில்தான் மடிக்க வேண்டும்.

இதே காரணத்தால், நேரில் கம்பம் அடிவரை தெரிந்தாலும் நீரில் அப்படித் தெரியாது. கீழ்க் கேமராவுக்குக் கரைச் சுவர் குறுக்கே நிற்கிறது. கம்பத்தின் அடி அரை மீட்டரை அது மறைத்துவிடுகிறது. மேலே கம்பத்தை அழித்த அதே நீளத்துக்குக் கீழேயும் அழிப்பவர், கரைச் சுவரின் பிம்பத்தைச் சேர்த்துச் சிதைத்துவிடுவார்.

கம்பத்துக்குப் பின்னால் என்ன இருந்தது?

அழிப்பது பாதி வேலைதான். அழித்த இடத்தில் எதை வைப்பது என்பதே முழுக் கேள்வி.

நேர்ப் பார்வையில் விளக்கின் உச்சிக்குப் பின்னால் இருப்பது கோபுரத்தின் 24 மீட்டர் உயரப் பகுதி. நீரில் விளக்குக்குப் பின்னால் இருப்பதோ 36 மீட்டர் உயரப் பகுதி. கீழே இருக்கும் கேமரா அண்ணாந்து பார்ப்பதால் அதற்கு விளக்கு கோபுரத்தில் இன்னும் உயரமான நிலை ஒன்றை மறைக்கிறது. இரண்டுக்கும் 12 மீட்டர் வித்தியாசம். அத்தனை உயரத்தில் கோபுரத்தின் நிலைகள் குறுகிவிடும், சுதைச் சிற்பங்களும் மாறிவிடும்.

பலர் மேலே கம்பத்தை அழித்துக் கோபுரத்தைச் சரிசெய்கிறார்கள். பிறகு சரிசெய்த அந்தத் துண்டையே Flip Vertical கொடுத்துக் கவிழ்த்துக் கம்பத்தின் பிம்பம் இருந்த இடத்தில் ஒட்டுகிறார்கள். 36 மீட்டர் நிலை தெரிய வேண்டிய இடத்தில் 24 மீட்டர் நிலையின் சிற்பங்கள் வந்து உட்காருகின்றன. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிவிடும்.

சரியான வழி இது. மேலே சரிசெய்து முடித்த கோபுரம் முழுவதையும் தனி லேயரில் எடுத்துக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்ததைக் கீழே இறக்கி, கோபுரக் கலசம் நீரில் தெரியும் கலசத்தின் மேல் பொருந்தும்படி வைக்க வேண்டும். அதாவது, அழிக்கும் பொருளை அல்ல, அதன் பின்னணியைப் பொருத்த வேண்டும். பிறகு கம்பத்தின் பிம்பம் இருந்த மெல்லிய கோட்டில் மட்டும் அந்த லேயர் தெரியும்படி மாஸ்க் போட்டால், 36 மீட்டர் நிலை தானாகத் தன் இடத்துக்கு வந்துவிடும்.

போட்டோஷாப்பில் 2010-இல் வந்த Content-Aware Fill போன்ற கருவி, படத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து பொருத்தமான துண்டுகளைத் தேடி எடுத்து நிரப்புகிறது. வெறும் வானம் தெரியும் நீரில் அது நன்றாகவே வேலை செய்யும். கோபுரத்தின் பிம்பத்தில், எந்த நிலை எங்கே வர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

ஒளியும் நிறமும்

இடம் பொருந்திய பிறகு வெளிச்சம் பொருந்த வேண்டும். நீரை நேர்கீழாகப் பார்த்தால் மேலிருந்து விழும் ஒளியில் 2 சதவீதம்தான் திரும்பி வரும். பார்வை சாயச் சாய அது கூடும். நம் படத்தில் விளக்கின் பிம்பம் இருக்கும் இடத்தில், பார்வை நீர்ப்பரப்போடு சுமார் 7 பாகைதான் சாய்ந்திருக்கிறது. அங்கே ஏறக்குறைய பாதி ஒளி திரும்புகிறது. புகைப்படக்காரரின் காலடிப் பக்கம் வர வர இது சில சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆகவே கவிழ்த்து ஒட்டிய கோபுரத்தை விளக்கின் பிம்பம் இருந்த இடத்தில் ஒரு ஸ்டாப் அளவுக்காவது இருட்டாக்க வேண்டும். கம்பத்துக்கு இருபுறமும் அசல் பிம்பம் இருக்கிறது. Curves-இல் அதன் வெளிச்சத்தோடு ஒப்பிட்டு இறக்கினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. கோயில் குளத்து நீருக்குப் பாசியின் பச்சை உண்டு. வானத்தின் பிம்பம் விழும் இடத்தில் அதன் ஒளி அந்தப் பச்சையை மூழ்கடித்துவிடும். வானத்துக்கு முன்னால் நிற்கும் கறுத்த கம்பத்தின் பிம்பம் விழும் இடத்தில் வானொளி இல்லாததால், பச்சையோ அடித்தரையோ துலக்கமாகத் தெரியும். கம்பத்தை எடுத்துவிட்டு அந்தப் பச்சைக் கோட்டைச் சற்று வெளுக்க வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எடுத்த பிறகு அங்கே வானொளி திரும்பி வந்தாக வேண்டும். வானம் மட்டும் தெரியும் நீரில் Clone Stamp கொண்டு பக்கவாட்டிலிருந்தே எடுங்கள், மேலிருந்தோ கீழிருந்தோ எடுக்க வேண்டாம். ஒரே மட்டத்தில் உள்ள நீர் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைத் திருப்புகிறது. மேலும் கீழும் அளவு மாறிவிடும்.

லேசான காற்று இருந்தால் பிம்பம் மேல்கீழாக நீண்டுவிடும். எரியும் விளக்கின் பிம்பம் கணக்கிட்ட முனையையும் தாண்டிக் கீற்றாக இறங்கும். எனவே கணக்கு எங்கே தேடுவது என்று சொல்லுமே தவிர, எங்கே நிறுத்துவது என்று சொல்லாது. அதற்குப் படத்தைப் பெரிதாக்கிக் கீற்றின் கடைசித் துணுக்கு வரை பின்தொடர வேண்டும்.

மெருகேற்றிய தரை

மண்டபத்து கிரானைட் தரையில் கிடக்கும் சிவப்பு நாற்காலிக்கும் விதி இதுவே. ஆனால் தரைக்குச் சொந்த உருவம் இருக்கிறது. கல்லின் புள்ளிகளும் இணைப்புக் கோடுகளும் முதலில் இருக்கின்றன. பிம்பத்தின் ஒளி அவற்றின் மேல் கூடுகிறது. நாற்காலியின் பிம்பத்தை அழிக்கும்போது இணைப்புக் கோடும் அழிந்தால் வேலை வெளியே தெரிந்துவிடும். எனவே இணைப்புக் கோடுகளைத் தனி லேயரில் முதலில் முடித்துவிட்டு, நாற்காலி மறைத்திருந்த சுவரின் பிம்பத்தை அதன் மேல் மெல்லச் சேர்க்க வேண்டும்.

அசையாத நீரில் இல்லாத ஒரு பழக்கம் தரைக்கு உண்டு. நாற்காலிக் கால் தரையைத் தொடும் இடத்தில் பிம்பம் கூர்மையாக இருக்கும். உயரமான பாகங்களின் பிம்பம் மங்கலாகிக்கொண்டே போகும். பின்சுவரின் மேற்பகுதி தரையில் கலங்கலாகத்தான் தெரியும். அங்கே கூர்மையான சுவரை ஒட்டினால் பொருந்தாது. பிம்பத்தோடு நிழலும் இருக்கிறது. பிம்பம் எப்போதும் பார்ப்பவரை நோக்கி வரும். நிழல் விளக்குக்கு எதிர்ப்பக்கம் போகும். திசை வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியே தேடி அழிக்க வேண்டும்.

எப்படிச் சரிபார்ப்பது?

2012-இல் ஜேம்ஸ் ஓ'பிரையனும் ஹனி ஃபாரிடும் பிம்பங்களைக் கொண்டு போலிப் படங்களைக் கண்டறியும் முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு புள்ளியையும் அதன் பிம்பத்தோடு கோட்டால் இணைக்க வேண்டும். அசல் படத்தில் அந்தக் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். கேமரா மட்டமாக இருந்தால் எல்லாம் இணையான செங்குத்துக் கோடுகளாக நிற்கும். கேமராவைச் சாய்த்து எடுத்த படத்தில் கம்பத்தின் பிம்பத்தைச் செங்குத்தாகக் கீழே தேடினால் தவறுவதும் இதனால்தான். வேலை முடிந்ததும் கலசம், தூண் முனை, மண்டப மூலை என்று நான்கைந்து கோடுகள் போட்டுப் பாருங்கள். ஒட்டிய துண்டு மட்டும் விலகினால் அதை நகர்த்த வேண்டும்.

கோபுரத்தின் 36 மீட்டர் நிலையை நேர்ப் பார்வையில் ஒரு மரம் மறைத்திருந்தால் கவிழ்க்க எதுவும் இராது. அதற்கான மருந்து குளக்கரையிலேயே இருக்கிறது. முதல் படம் எடுத்ததும் ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து இன்னொரு படம் எடுங்கள். 60 மீட்டரில் இருக்கும் கம்பம், 300 மீட்டரில் இருக்கும் கோபுரத்தின் மீது 50 பிக்சலுக்கு மேல் விலகும். 15 செ.மீ. தடிமனுள்ள கம்பம் படத்தில் 10 பிக்சல்தான். அது மறைத்த இடம் மேலேயும் நீரிலேயும் ஒரே சமயத்தில் திறந்துவிடும். எதையும் கற்பனை செய்யாமல் இரண்டு இடத்தையும் அந்தப் படத்திலிருந்தே நிரப்பிவிடலாம்.