விடுமுறை அறியாத கணினி

காலை 8 மணிக்குத் தானாகவே முந்தைய நாள் கணக்கை அனுப்பும் நிரலுக்கு ‘திங்கள் முதல் வெள்ளி வரை’ (`1-5`) என்று சொல்லிவிட்டால் போதும் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் 2025 பொங்கலைப் பாருங்கள். ஜனவரி 14, 15, 16 விடுமுறை. பட்டியல் வெளியான பிறகு தமிழக அரசு 17-ஐயும் சேர்த்தது. ஈடாக 25ஆம் தேதி சனிக்கிழமையை வேலைநாளாக்கியது. இதையெல்லாம் கிழமை சொல்லுமா?

ஆகவே ஒரு நாள்காட்டி அட்டவணை வேண்டும்: வருடத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி, வேலைநாளானால் 1, இல்லையேல் 0. நிரல் தினமும் எழுந்து முதலில் இதைப் பார்க்கும். 0 என்றால் பேசாமல் படுத்துவிடும்.

அனுப்பாமல் விடுவது பாதி வேலைதான். 20ஆம் தேதி திங்களன்று ‘நேற்று’ என்று தேடினால் ஞாயிறு, கணக்கு காலி. 13ஆம் தேதி விற்பனை யார் கண்ணிலும் படாது. ‘நேற்று’க்குப் பதில் முந்தைய வேலைநாளைக் கேட்க வேண்டும்:

```
SELECT MAX(d) FROM cal
WHERE d < CURRENT_DATE AND work = 1;
```

இன்றைய தேதிக்கு வரியே இல்லையென்றால்? புது வருடத்தை ஏற்ற மறந்துவிட்டார்கள் என்று பொருள். அப்போது நிரல் சும்மா இருக்கக்கூடாது, பொறுப்பாளருக்குப் புகார் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால், ‘இன்னிக்கும் லீவு போல’ என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள்.