முப்பத்தாறு வயதில் ஒரு 112

முப்பத்தாறு வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. இருபத்தெட்டு வயதில் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையை விடாமல் போடுகிறார், காலையில் நடக்கிறார், புகைப்பழக்கம் இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.2. இந்த ஆண்டுப் பரிசோதனையில் லிப்பிட் ப்ரொஃபைலும் எடுத்தார்: மொத்தக் கொலஸ்ட்ரால் 188, எச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 210, எல்டிஎல் 112. லேப் தாளின் ஓரத்தில் அச்சாகியிருந்த இயல்பு அளவு, மொத்தக் கொலஸ்ட்ராலுக்கு 200 வரை, எல்டிஎல்லுக்கு 130 வரை.

“கொலஸ்ட்ரால் நார்மல்தானே டாக்டர்? எண்ணெயைக் கொஞ்சம் குறைச்சுக்கிறேன்” என்று தாளை மடித்துப் பைக்குள் வைக்கிறார்.

என் முன்னால் உட்காரும் இளம் சர்க்கரை நோயாளிகள் பலருக்கும் பொருந்தும் படம் இது. சர்க்கரையில் கவனமாக இருப்பவர்கள்கூட இந்த இடத்தில் ஏமாந்துவிடுகிறார்கள். லேப் தாளின் ஓரத்தில் இருக்கும் அளவு பொதுவாக எல்லோருக்குமானது. சர்க்கரை உள்ளவர் எட்ட வேண்டிய எல்டிஎல் இலக்கு அந்தத் தாளில் இருக்காது. வயது, சர்க்கரை வந்து எத்தனை ஆண்டு, சிறுநீரகமும் கண்ணும் எப்படி இருக்கின்றன, குடும்பத்தில் யாருக்கு மாரடைப்பு என்பவற்றைப் பார்த்து அவருக்கென்று தனியாக நிர்ணயிக்க வேண்டிய எண் அது.

முதலில் அந்த 112 எப்படி வந்தது என்று பார்ப்போம். பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 42. மொத்தம் 188-இலிருந்து எச்டிஎல் 34-ஐயும் இந்த 42-ஐயும் கழித்தால் 112. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது டிரைகிளிசரைடு ஏறுவது வழக்கம் என்பதால் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

கணக்கு சரியாக இருந்தாலும் அந்த எண் முழுக் கதையைச் சொல்வதில்லை. எல்டிஎல் என்பது கொலஸ்ட்ராலைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் ஓடும் துகள். லேப் சொல்வது அந்தத் துகள்கள் மொத்தமாகச் சுமக்கும் கொலஸ்ட்ராலின் எடையை. துகள்கள் எத்தனை என்பதை அல்ல. நூறு பேரை இரண்டு பேருந்தில் ஏற்றலாம், முப்பது ஆட்டோவிலும் ஏற்றலாம். ஆள் கணக்கு ஒன்றுதான். சாலையில் நெரிசல் ஒன்றல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில் கல்லீரல் டிரைகிளிசரைடை அதிகமாக வெளியே அனுப்புகிறது. அதன் விளைவாக எல்டிஎல் துகள்கள் சிறுத்து, அடர்ந்து, எண்ணிக்கையில் பெருகுகின்றன, எச்டிஎல் குறைகிறது. ரத்தக் குழாயின் உட்சுவருக்குள் புகுந்து தங்குவது துகள்கள்தான். ஆகவே சர்க்கரை உள்ளவரின் 112, சர்க்கரை இல்லாதவரின் 112-ஐவிட அதிக ஆட்டோக்களைக் கொண்டது.

இதைப் பிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள்: 188-இல் 34 போனால் 154. கெடுதல் செய்யும் எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடக்கம். இதன் இலக்கு எல்டிஎல் இலக்கைவிட 30 கூடுதல். எல்டிஎல் 70-க்குள் இருக்க வேண்டியவருக்கு இது 100-க்குள் இருக்க வேண்டும். நம்மவருக்கு 154. தாளை மடிப்பதற்கு முன் இந்த ஒரு கழித்தலைச் செய்திருந்தால் ‘நார்மல்’ என்ற சொல் வாயில் வந்திருக்காது.

நாற்பது வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிக்கு விஷயம் தெளிவானது. எல்டிஎல் எவ்வளவு இருந்தாலும் நடுத்தர அளவு ஸ்டாட்டின் மாத்திரை தொடங்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது. இதற்கு அடிப்படையான ஆய்வுகளில் ஒன்று 2004-இல் வெளியான ‘கார்ட்ஸ்’. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 40 முதல் 75 வயது வரையிலான, இதய நோய் இல்லாத 2,838 சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்கு 10 மில்லிகிராம் அட்டர்வாஸ்டாட்டின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். நாற்பதைக் கடந்தவருக்கு ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் போன்ற வேறு ஆபத்தும் சேர்ந்திருந்தால் எல்டிஎல் 70-க்குக் கீழே, அதோடு தொடக்க அளவில் பாதியாவது குறைய வேண்டும். மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவருக்கு 55-க்குக் கீழே. இந்திய லிப்பிட் சங்கம் இன்னும் கறாரானது; அப்படிப்பட்டவருக்கு 50-க்குக் கீழே என்கிறது.

நம்மவருக்கோ முப்பத்தாறு. நாற்பது என்ற கோடு எங்கிருந்து வந்தது? பெரிய ஆய்வுகள் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு நடந்தன, அவ்வளவுதான். முப்பத்தொன்பது வயது வரை ரத்தக் குழாய் பத்திரமாக இருக்கும் என்று உடலில் எந்த விதியும் இல்லை. அடுத்த பத்தாண்டில் மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் கணக்குப்பொறிகளும் இங்கே கைகொடுப்பதில்லை. அவற்றில் வயதுக்கே பெரும் பங்கு; ஆகவே இளைஞருக்கு எப்போதும் சிறிய எண்தான் வரும். ஆனால் கொழுப்புப் படிவது எல்டிஎல் அளவையும் அது இருந்த ஆண்டுகளையும் பெருக்கியதுபோல் நடப்பது. இருபத்தெட்டில் சர்க்கரை வந்தவர் ஐம்பதைத் தொடும்போது இருபத்திரண்டு ஆண்டு சுமந்திருப்பார். நாற்பத்தெட்டில் வந்தவர் இரண்டே ஆண்டு. சுவீடனின் தேசிய நீரிழிவுப் பதிவேட்டை வைத்து 2019-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. சம வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிடும்போது, நாற்பது வயதுக்குள் டைப் 2 சர்க்கரை வந்தவர்களுக்குத்தான் இதய ஆபத்து மிக அதிகமாகக் கூடியிருந்தது.

அதற்காக நாற்பதுக்குக் கீழே எல்லோருக்கும் மாத்திரை என்று நான் சொல்லவில்லை. அந்த வயதில் நடந்த பெரிய ஆய்வு இல்லாததால் வழிகாட்டுதல்களும் நிதானமாகவே பேசுகின்றன: இருபதிலிருந்து முப்பத்தொன்பது வயது வரை, கூடுதல் ஆபத்து இருந்தால் ஸ்டாட்டின் தொடங்குவது நியாயம் என்கின்றன. கூடுதல் ஆபத்து எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டைப் 2 வந்து பத்து ஆண்டு, டைப் 1 என்றால் இருபது ஆண்டு ஆகியிருப்பது, விழித்திரையில் மாற்றம், பாதத்தில் மரத்துப்போன உணர்வு, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே இறங்கியிருப்பது, சிறுநீரில் அல்புமின் புரதம் 30-க்கு மேல் கசிவது. இவற்றோடு ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், எல்டிஎல் 100-ஐத் தாண்டியிருப்பது, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்குள் இதய நோய் வந்திருப்பது.

நம்மவரிடம் கேட்டால் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டில் ஸ்டென்ட் வைத்த கதை வருகிறது. எட்டு ஆண்டில் ஒருமுறைகூட சிறுநீர் அல்புமின் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் 64. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் இது தற்காலிகமாக ஏறும் என்பதால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கிறோம்: 58. கசிவு உண்மைதான். சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்கள் கசியும்போது இதயத்தின் பெரிய குழாய்களும் கெட்டுக்கொண்டிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டு ஆண்டுதான் ஆகியிருக்கிறது என்பது இனி சாக்கு ஆகாது. என் முடிவு, அவருக்கு இன்றே தொடங்க வேண்டும். முதல் இலக்கு 70-க்குக் கீழே. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதால் இந்திய வழிகாட்டுதல்படி 50 வரை போவதையும் பிறகு யோசிக்கலாம்.

கல்லீரல் என்சைமையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு அட்டர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம். தைராய்டு குறைவாகச் சுரந்தாலே எல்டிஎல் ஏறும், தசையும் வலிக்கும். அதைப் பார்க்காமல் தொடங்கினால் பிற்பாடு பழி ஸ்டாட்டின்மேல் விழும். எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. 112 என்பது 78 ஆகியிருக்கிறது என்று வையுங்கள். இங்கே பலரும் மாத்திரையை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பாகும் என்று நினைக்கிறார்கள். ஸ்டாட்டினை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம்தான். 40 மில்லிகிராமுக்குப் போனாலும் 71-இல் நிற்கும். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் 10 மில்லிகிராமைச் சேர்த்தால் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். 78 சுமார் 62 ஆகும். டிரைகிளிசரைடுக்கோ பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டிலேயே மருந்து இருக்கிறது. சோற்றின் அளவு, இனிப்பு, மது குறைந்து, சர்க்கரை கட்டுக்குள் வந்தால் அது இறங்கும். எண்ணெயைக் குறைப்பதால் மட்டும் 112 எழுபதுக்கு வராது.

இதன் பிறகுதான் பெரிய தவறு நடக்கிறது. 62 என்ற ரிப்போர்ட்டைப் பார்த்ததும் “சரியாகிவிட்டது” என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள். நிறுத்திய சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே போய்விடும். இன்னொரு காரணம் பயம். ஸ்டாட்டின் ரத்தச் சர்க்கரையைச் சற்றே ஏற்றுவது உண்மை. சர்க்கரை மருந்தில் சிறு மாற்றம் செய்தால் சமாளிக்கக்கூடிய அளவு அது. உடல்வலியைப் பொறுத்தவரை, பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்டவர்கள் 60 பேரிடம் லண்டனில் நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் அவர்கள் ஏறத்தாழ 90 சதவீத அளவுக்கு அதே தொந்தரவைச் சொன்னார்கள். வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. வலி வந்தால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். சிறுநீர் கறுத்துப் போகும் அளவுக்குக் கடும் தசைவலி என்றால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருவர், டைப் 2 வந்து இரண்டு ஆண்டு, எல்டிஎல் 94, சிறுநீரும் கண்ணும் சுத்தம், வீட்டில் யாருக்கும் இதய நோய் இல்லை, அடுத்த ஆண்டு குழந்தைக்குத் திட்டமிடுகிறார் என்றால் அவருக்கு இப்போது நான் மாத்திரை எழுத மாட்டேன். ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பேன். கர்ப்பத்தின்போது பெரும்பாலும் ஸ்டாட்டினை நிறுத்திவிடுவதுதான் வழக்கம். ஏற்கெனவே சாப்பிடும் பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ நாற்பதுக்குள் சர்க்கரை வந்திருந்தால், அடுத்த முறை லேப்புக்குப் போகும்போது லிப்பிட் ப்ரொஃபைலோடு சிறுநீர் அல்புமின்-கிரியேட்டினின் பரிசோதனையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு சிறு குப்பிச் சிறுநீர் போதும், வெறும் வயிறுகூட வேண்டாம்.