22 இழைகளும் முழுசாக வரட்டும்

எங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் போர்டில் அயர்ன் பாக்ஸ் போட்டால் பிளக் டாப் கை வைக்க முடியாதபடி சுட்டது. மெயினை அணைத்துப் பிளக்கைக் கழற்றித் திறந்தேன். 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர், உள்ளே 22 இழை. திருகைத் தளர்த்தியதும் எட்டு இழைகள் துண்டாக விழுந்தன. எல்லாம் உறை முடியும் இடத்திலேயே ஒரே வட்டமாக அறுந்திருந்தன. வயரைச் சீவியவர் பிளேடைக் குறுக்காக வைத்துச் சுற்றியிருக்கிறார். அன்று கீறல் மட்டும்தான் விழுந்திருக்கும். வயர் வளைந்து நிமிரும்போதெல்லாம் கீறிய இடத்திலேயே மடங்கி, இழைகள் ஒவ்வொன்றாக ஒடிந்திருக்கின்றன. மின்சாரம் முழுவதும் மீதி இழைகளில் நெருக்கியடித்துப் போனால் சூடு ஏறத்தானே செய்யும்?

இழை ஒன்றின் தடிமன் 0.3 மில்லிமீட்டர்தான். அதனால் கத்தி செம்பைத் தொடவே கூடாது. பி.வி.சி. உறையை முழு ஆழத்துக்கு அறுக்க வேண்டியதில்லை. முக்கால்வாசி வெட்டிவிட்டு இழுத்தால் மீதிப் படலம் தானே கிழிந்து வரும். குழி குழியாக இருக்கும் ஸ்ட்ரிப்பர் இந்த வேலையைத்தான் செய்கிறது: குழி செம்பைவிடச் சற்றுப் பெரிது, உறையைவிடச் சிறிது.

குழப்பம் வருவது அந்தக் குழிகளின் எண்ணில். நாம் வயர் வாங்குவது ஸ்கொயர் எம்.எம். கணக்கில், அதாவது செம்பின் வெட்டுமுகப் பரப்பில். பல ஸ்ட்ரிப்பர்களில் இருப்பதோ அமெரிக்க கேஜ் எண். அதில் எண் கூடக் கூட வயர் மெலியும். 14 என்பது சுமார் 2.1 ஸ்கொயர் எம்.எம்., 16 என்பது 1.3. நம்முடைய 1.5 இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. முதலில் 14-ஆம் குழியில் வைத்து இழுங்கள். உறை வழுக்கிக்கொண்டு வராமல் நின்றால் மட்டும் 16-க்குப் போகலாம். சில கருவிகளில் 1.0, 1.3, 1.6 என்று மில்லிமீட்டரில் இருக்கும். அது பரப்பு அல்ல, விட்டம். 22 இழைகள் சேர்ந்து நிற்கும் விட்டம் ஏறக்குறைய 1.6 என்பதால், 1.5-க்குப் பக்கத்து எண் என்று 1.3-இல் வைத்தால் ஓரத்து இழைகள் போய்விடும்.

திருகு வைத்து வாய் அளவைச் சரிசெய்யும் மலிவான ஸ்ட்ரிப்பரும் நல்லதுதான். ஆனால் வயர் மாறும்போதெல்லாம் திருகை மாற்ற வேண்டும். ஒரே அளவு வயரில் நாள் முழுக்க வேலை செய்பவருக்கு அது போதும். வீட்டில் எப்போதாவது எடுப்பவர் குழி உள்ளதையே வாங்கலாம்.

எதுவானாலும் முதலில் ஒரு துண்டு வயரில் பாருங்கள். வயரை நேராக வைத்து, கைப்பிடியை அழுத்தி, கால் வட்டம் சுழற்றி, சாய்க்காமல் இழுக்க வேண்டும். கழன்று வந்த உறைக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே செம்புத் துணுக்கு தெரிந்தால் குழி சிறிது. பிறகு இழைகளை விரித்து நகத்தால் வருடுங்கள். கீறல் இருந்தால் நகம் தட்டும். அப்படித் தட்டினால் அந்த நுனியை வெட்டியெறிந்துவிட்டு, பெரிய குழியில் மறுபடி உரியுங்கள்.