காதுக்குள் நீர் பீச்சுவதற்கு முன்

காது அடைத்துக்கொண்டால் சிறிஞ்சினால் நீர் பீச்சிக் கழுவிவிடலாம் என்பது எம்மிடையே ஊறிப்போன எண்ணம். பலருக்கு அது தீங்கின்றி முடிகிறது என்பதும் உண்மையே. ஆனால் செவிப்பறையில் துவாரமுள்ள ஒருவருக்கு அதே நீர் பெருந்துன்பத்தைக் கொண்டுவரும். ஷெல்லும் குண்டும் அருகில் வெடித்தபோது எழுந்த காற்றதிர்ச்சியால் செவிப்பறை கிழிந்தவர்கள் எம் குடும்பங்களிலும் இருக்கலாம். ஆகவே இதனை எல்லோரும் அறிந்திருத்தல் நல்லது.

வளர்ந்தவரின் காதுக்குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் நீளமானது. அதன் முடிவில் மெல்லிய தோல்போன்ற செவிப்பறை இருக்கிறது. அதற்கு அப்பால் உள்ள நடுக்காது ஒரு சிறு குழாயினால் தொண்டையுடன் தொடர்புபட்டுள்ளது. காதுக்குடுமி அழுக்கல்ல, அது காதுக்குழாயின் தோலைக் காக்கிறது, பின் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடுகிறது. குச்சியோ ஊசியோ விட்டுக் குடையும்போதுதான் அது உள்ளே தள்ளப்பட்டு இறுகுகிறது.

நீர் பீச்சும்போது நீர் குடுமியைக் கடந்து பின்னால் சென்று, திரும்பி வரும் வேகத்தில் அதனை வெளியே தள்ள வேண்டும். அதனால் நீரை நேரே செவிப்பறையை நோக்கிப் பீச்சாமல், காதுக்குழாயின் மேற்சுவர் ஓரமாகச் செலுத்துவார்கள். கையால் அழுத்தும் பெரிய சிறிஞ்சில் அழுத்தம் எவ்வளவு என்பதை அளக்க முடியாது. அதன் முனை காதை அடைத்துக்கொண்டால் திரும்ப வழியில்லாத நீர் செவிப்பறையைக் கிழித்துவிடலாம். நீரின் சூடு உடற்சூட்டுக்குச் சமமாக, அதாவது 37 பாகை அளவில் இராவிட்டால், சமநிலை உறுப்பு குழம்பித் தலைசுற்றும், வாந்தியும் வரும். இக்காரணங்களினால் கைச் சிறிஞ்சைப் பயன்படுத்த வேண்டாமென்று பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல் 2018இல் அறிவுறுத்தியது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவிகளை அது அனுமதிக்கிறது.

ஐம்பது வயதான ஒரு விவசாயியை எண்ணிப் பாருங்கள். இளவயதில் அருகில் ஷெல் விழுந்தபோது வலது காதில் இரத்தம் வடிந்தது. பின் கேட்கும் சக்தியும் சற்றுக் குறைந்தது. இப்போது குளத்தில் குளித்த பின் அக்காது அடைத்துவிட்டது. உலர்ந்திருந்த குடுமி நீரில் ஊறிப் பருத்ததே காரணம். பார்ப்பவருக்குக் குடுமி மட்டுமே தெரிகிறது. அதன் பின்னாலுள்ள பழைய துவாரம் தெரிவதில்லை. நீர் பீச்சினால் அது துவாரத்தின் வழியே நடுக்காதினுள் புகும். உடனே வலியும் தலைசுற்றும் உண்டாகலாம். நீர் தொண்டைக்குள் இறங்குவதையும் அவர் உணரலாம். அப்போதே நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து வரும் நாட்களில் காதிலிருந்து சீழ் வடியத் தொடங்கினால் கிருமி தொற்றிவிட்டது என்பதே பொருள்.

எனவே செவிப்பறை கிழிந்தவர்கள், காதில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், காதில் சீழ் வடிபவர்கள், அண்மையில் காது நோவுக்குள்ளானவர்கள், பிளந்த அண்ணத்துடன் பிறந்தவர்கள், ஒரு காது மட்டுமே கேட்பவர்கள் ஆகியோர் நீர் பீச்சுவதைத் தவிர்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈரக்காதில் தொற்றும் கிருமி எலும்புவரை பரவக்கூடும். பிள்ளையின் காதில் பயறோ நெல்லோ புகுந்திருந்தாலும் நீர் விடக்கூடாது. தானியம் ஊறிப் பருத்து இன்னும் இறுகிவிடும்.

இத்தகையோருக்குப் பொருத்தமானது நுண்ணுறிஞ்சல் முறை. வைத்தியர் உருப்பெருக்கியால் காதினுள் பார்த்தபடி, மெல்லிய குழாயினால் குடுமியைச் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுப்பார். நீர் பயன்படுவதில்லை, குழாயின் முனை எங்கே இருக்கிறது என்பதும் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. நீர் பீச்சுவதிலோ கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அழுத்தம் செல்கிறது. இதுவே இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு. ஆயினும் இதிலும் சில குறைகள் உண்டு. உறிஞ்சும் இரைச்சல் காதுக்குள் பலமாகக் கேட்கும். சிலருக்குச் சற்றுநேரம் தலைசுற்றும், காது இரையும். தலையை அசைத்தால் காயம் படலாம். பயிற்சி பெற்றவரும் கருவியும் தேவைப்படுவதால் இது பெரிய ஆஸ்பத்திரிகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுகளிலேயே பெரும்பாலும் கிடைக்கும்.

காதில் முன்பு எவ்விதக் கோளாறும் இல்லாதவர்கள் முதலில் குடுமியை இளக வைக்கலாம். வைத்தியர் அல்லது பாமசியில் உள்ளவர் தரும் துளிமருந்தையோ ஓலிவ் எண்ணெயையோ மூன்று முதல் ஐந்து நாட்கள் விட்டால் சிலருக்கு அதுவே போதுமானது. எண்ணெயைக் காய்ச்சிச் சுடச்சுட ஊற்றக்கூடாது. செவிப்பறையில் துவாரம் இருக்கலாம் என்ற ஐயமுள்ளவர்கள் எதனையும் விடாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். சிறிஞ்சை எடுக்கும் முன்னர், "எனக்கு முன்பு காதில் இரத்தம் வந்தது" அல்லது "சீழ் வடிந்தது" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். குடுமி மறைத்திருக்கும் துவாரத்தைப் பற்றி அவர் அறிந்துகொள்ள உங்கள் வாய்ச்சொல்லே வழி.